குடுவையிலிருந்து முதலில் வருவது காற்றுதான்

பள்ளி ஆய்வகத்தில் வாயு தயாரிக்கும்போது ஏற்படும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வேதிவினை அல்ல, குடுவைக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்று. 250 மி.லி. கூம்புக் குடுவையில் 50 மி.லி. அமிலம் ஊற்றினால் மீதி 200 மி.லி. இடம் காற்றால் நிறைந்திருக்கிறது. வினை தொடங்கியதும் போக்குக் குழாய் வழியே குமிழியிடுவது முதலில் அந்தக் காற்றுதான். ஆக்சிஜன் தயாரிப்பில் இதனால் சோதனை சொதப்பும். கார்பன் டை ஆக்சைடில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஹைட்ரஜனில் குடுவையே வெடிக்கலாம்.

ஆக்சிஜனுக்கு இன்று பொருத்தமான முறை ஹைட்ரஜன் பெராக்சைடுதான். கூம்புக் குடுவையில் ஒரு கிராம் அளவுக்கு மாங்கனீசு டை ஆக்சைடு போட்டு, மேலே குழாய் திருகுள்ள புனலிலிருந்து 6% பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இது '20 வால்யூம்' என்ற பெயரில் மருந்துக்கடையில் கிடைக்கும். ஒரு பங்கு கரைசல் இருபது பங்கு ஆக்சிஜன் தரும் என்பதே அதன் பொருள். 50 மி.லி. கரைசலிலிருந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு கிடைக்கும். மொத்தமாக ஊற்றினால் கரைசல் சூடேறி நுரைத்து, கறுப்புக் குழம்பு போக்குக் குழாய்க்குள்ளேயே ஏறிவிடும். 30% பெராக்சைடை அப்படியே இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

பழைய முறையில் பொட்டாசியம் குளோரேட்டை மாங்கனீசு டை ஆக்சைடுடன் சேர்த்துச் சூடாக்குவார்கள். அதைத் தவிர்க்கச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் பார்க்க ஒன்றுபோலவே கறுப்பு. பெயர்ச்சீட்டு அழிந்த புட்டியிலிருந்து கரித்தூளை அள்ளிக் குளோரேட்டுடன் சூடாக்கினால் அது வெடிமருந்து.

ஆக்சிஜனை நீரின் கீழ்முக இடப்பெயர்ச்சியில் சேகரிக்கலாம். முதல் ஜாடியைக் கழித்துவிடுங்கள். அதில் பாதிக்கு மேல் காற்று இருக்கும், கனல் கொஞ்சம் பிரகாசிக்குமே தவிரப் பற்றிக்கொள்ளும் என்று நம்ப முடியாது. மெல்லிய மரக்குச்சியை எரியவிட்டு ஊதி அணைத்து, நுனியில் செங்கனல் இருக்கும்போதே ஜாடியின் நடுவில் இறக்க வேண்டும். ஈரமான உள்சுவரில் பட்டால் கனல் அணைந்துவிடும். அதைப் பார்த்து 'ஆக்சிஜன் இல்லை' என்று மாணவர் எழுதுவது அடிக்கடி நடக்கிறது. கனல் 'குப்'பென்று சுடராக வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடும் இப்படிப் பற்றவைக்கும் என்பதால், எதிலிருந்து வாயு வந்தது என்பதும் சோதனையின் ஒரு பகுதியே.

இப்போது ஹைட்ரஜன். துத்தநாகத் துண்டுகள், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், திசில் புனல், நீர்த்தொட்டி என்ற அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நைட்ரிக் அமிலம் கூடாது. ஹைட்ரஜனுக்குப் பதில் நைட்ரஜன் ஆக்சைடுகளே வரும். அடர் சல்பூரிக் அமிலமும் கூடாது, சல்பர் டை ஆக்சைடு வரும். துத்தநாகம் மிகத் தூயதாக இருந்தால் குமிழிகள் மந்தமாகவே எழும். அப்போது காப்பர் சல்பேட் கரைசலில் சில சொட்டுகள் விட்டால் வேகம் பிடிக்கும். திசில் புனலின் அடிமுனை அமிலத்துக்குள் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூழ்காவிட்டால் வாயு முழுதும் புனல் வழியே அறைக்குள் போய்விடும்.

'முதல் இரண்டு குழாய் வாயுவைக் கழித்துவிட்டு மூன்றாவதைச் சேகரி' என்று பல குறிப்பேடுகளில் இருக்கிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன குடுவையில் 200 மி.லி. காற்று. சோதனைக் குழாய் ஒன்று 20 மி.லி. என்றால், இரண்டு குழாய் கழிக்கும்போது வெளியேறியது வெறும் 40 மி.லி. வாயுக்கள் நன்றாகக் கலப்பதாக வைத்துக்கொண்டால், அப்போது குடுவையில் ஹைட்ரஜன் ஏறத்தாழ 18%தான், மீதி 82% காற்று. காற்றில் ஹைட்ரஜன் 4% முதல் 75% வரை எந்த அளவில் இருந்தாலும் தீப்பொறி பட்டால் வெடிக்கும். 30% சுமாரில் அதன் வேகம் மிகக் கடுமை. மூன்றாவது, நான்காவது குழாயை நிரப்பும் நேரத்தில் குடுவை சரியாக அந்த 30 சதவீதத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். அந்தக் குறிப்பு மாணவரை மிக ஆபத்தான கட்டத்தில் தீக்குச்சியோடு கொண்டுபோய் நிறுத்துகிறது.

குடுவையின் காலி இடத்தைப்போல் மூன்று மடங்கு வாயு வெளியேறினால்தான் காற்று 5 சதவீதத்துக்கு இறங்கும். 200 மி.லி.க்கு அது 600 மி.லி., அதாவது முப்பது சோதனைக் குழாய்! யாரும் அவ்வளவு கழிக்க மாட்டார்கள். ஆகவே குடுவையைச் சிறிதாக்குவதே வழி. ஒரு கொதி குழாயில் 2 கிராம் துத்தநாகமும் 10 மி.லி. 2 மோலார் அமிலமும் போதும். காலி இடம் 40 மி.லி. சுமார். அமிலம் முழுதும் வினைபுரிந்தால் ஏறக்குறைய 240 மி.லி. ஹைட்ரஜன் வரும். முதல் ஆறு குழாய்களைக் கழித்துவிட்டாலும் இன்னும் ஆறு குழாய்க்கு வாயு மிஞ்சும்.

சேகரித்த குழாயை வாய் கீழ்நோக்கியபடியே, விரலால் மூடி, வினை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி எடுத்துப்போய்ச் சுடர் காட்டுங்கள். கீச்சென்ற 'பாப்' ஒலி வந்தால் ஹைட்ரஜன் இருக்கிறது, ஆனால் காற்றும் கலந்திருக்கிறது. தூய ஹைட்ரஜன் மென்மையான 'புப்' ஒலியோடு வாயருகே அமைதியாக எரியும். ஒலி பெரிதாக இல்லை என்று ஏமாற்றமடைய வேண்டாம், சேகரிப்பு சரியாக இருப்பதன் அடையாளம் அது. போக்குக் குழாயின் முனையில் நேரடியாகத் தீ வைப்பதை மட்டும் எந்தச் சூழலிலும் அனுமதிக்காதீர்கள். உள்ளே காற்று இருந்தால் சுடர் பின்னோக்கி ஓடிக் கண்ணாடியைச் சிதறடிக்கும். எரிந்ததில் நீர் உண்டானதைக் காட்ட வேண்டுமா? நீரின்மேல் சேகரித்த குழாய் ஏற்கெனவே ஈரம், அது எதையும் நிரூபிக்காது. உலர்ந்த குழாயைக் கவிழ்த்துப் பிடித்துக் காற்றை வெளியேற்றிச் சேகரியுங்கள். எரிந்தபின் உள்ளே படியும் பனித்துளி நீரற்ற வெள்ளைக் காப்பர் சல்பேட்டை நீலமாக்கும்.

கார்பன் டை ஆக்சைடுக்குச் சலவைக்கல் துண்டுகளும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும். சல்பூரிக் அமிலம் விட்டால் கல்லின்மேல் கால்சியம் சல்பேட் படலம் மூடி, வினை தொடங்கிய சிறிது நேரத்திலேயே நின்றுபோகும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி. போக்குக் குழாயை ஜாடியின் அடிவரை இறக்கி, காற்றை மேலே தள்ளவிட்டுச் சேகரிக்கலாம். நீரில் கணிசமாகக் கரையும் என்பதால் நீர்த்தொட்டி வீண்செலவு.

எரியும் குச்சி அணைவது உறுதிச் சோதனை ஆகாது, நைட்ரஜனிலும் அது அணையும். சுண்ணாம்பு நீர் பால்போல மாறுவதே உறுதிச் சோதனை. இங்கே நடக்கும் பிழை அவசரம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு, லிட்டருக்கு ஒன்றரை கிராம் சுமார். 5 மி.லி. சுண்ணாம்பு நீரை முழுதும் வெண்மையாக்க 2.5 மி.லி. வாயு உறிஞ்சப்பட்டால் போதும். வாயு தொடர்ந்து உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருந்தால் வெண்மை கரைந்து மீண்டும் தெளிவாகிவிடும், கால்சியம் பைகார்பனேட் உண்டாவதால். வேகமாகக் குமிழியிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும் மாணவர் தெளிந்த நீரைப் பார்த்து 'மாற்றமில்லை' என்று எழுதுகிறார். மெதுவாக, குமிழி எண்ணும் வேகத்தில் விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். தெளிந்துவிட்டால் அந்தக் கரைசலைக் கொதிக்க வையுங்கள், வெண்மை திரும்பிவரும்.

வாயுவோடு அமிலத் துளிகளும் வந்தால் வெண்மை உண்டாகும் முன்பே கரையும். அதனால் இடையில் சோடியம் பைகார்பனேட் கரைசல் உள்ள புட்டி வழியே வாயுவைச் செலுத்துவது நல்லது. சல்பர் டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்கும். ஐயம் இருந்தால் அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளைக் குழாய்முனையில் பிடியுங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையாகாமல் அப்படியே இருந்தால், பால்நிறம் தந்தது கார்பன் டை ஆக்சைடுதான்.