ஆக்சுவேரியல் ரிடக்‌ஷன்: முன்கூட்டி வாங்கும் பென்ஷனில் ஒட்டிக்கொள்ளும் கழிவு

அமெரிக்காவின் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனை 62 வயதிலேயே கேட்டு வாங்கலாம். 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது 67. அதற்கு முன்பே வாங்கினால் மாதத் தொகையில் பிடிக்கும் கழிவுக்குத்தான் ஆக்சுவேரியல் ரிடக்‌ஷன் என்று பெயர்.

பண்டைய ரோமில் ஆக்டுவேரியஸ் என்றால் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் எழுத்தர். 1762-இல் லண்டனில் தொடங்கிய ஓர் ஆயுள் காப்பீட்டுச் சங்கம் தன் தலைமை அலுவலருக்கு ஆக்சுவரி என்று பெயர் வைத்தது. மனிதர்கள் சராசரியாக எத்தனை வருடம் வாழ்வார்கள் என்று கணக்குப் போடுபவரைக் குறிக்கும் சொல்லாக அது பின்னாளில் மாறியது. தமிழில் ‘காப்பீட்டுக் கணிப்பாளர்’ என்று எழுதுவதுண்டு. ஆனால் பென்ஷன் பேச்சில் ‘காப்பீடு’ வந்தால் பாலிசி ஞாபகம்தான் வரும். ‘ஆயுட்கணக்குக் கழிவு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காரணம், இது அபராதம் அல்ல. சீக்கிரம் தொடங்குபவருக்கு அதிக மாதங்கள் பணம் போகும்; சராசரி ஆயுள்வரை பார்த்தால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மொத்தம் சேரட்டும் என்று மாதத் தொகையைச் சிறிதாக்குகிறார்கள். 67 வயதானதும் பழைய தொகைக்குத் திரும்பிவிடும் என்று பலர் நினைப்பது இதனால்தான் நடப்பதில்லை. திரும்பினால் அந்த ஐந்து வருடப் பணம் இனாமாகிவிடுமே!

கழிவை மாதம் மாதமாகக் கணக்கிடுகிறார்கள். 67-க்கு முந்தைய 36 மாதங்களுக்கு, மாதம் ஒன்றுக்கு ஒரு சதவீதத்தில் ஒன்பதில் ஐந்து பங்கு. மொத்தம் 20 சதவீதம். அதற்கும் முந்தைய 24 மாதங்களுக்குப் பன்னிரண்டில் ஐந்து பங்கு. அது 10 சதவீதம். முழு வயது 65-ஆக இருந்த காலத்தில் முதல் பகுதி மட்டுமே இருந்தது. 1983 சட்டம் வயதைப் படிப்படியாக 67-க்கு ஏற்றியபோது இரண்டாவது பகுதி சேர்ந்தது.

67-இல் 2,000 டாலர் வரவேண்டியவர் 62-இல் தொடங்கினால் 1,400 டாலர்தான் வரும். ஐந்து வருடத்தில் 84,000 டாலர் முன்னதாகக் கைக்கு வந்துவிடுகிறது. காத்திருந்தவர் மாதம் 600 டாலர் கூடுதலாக வாங்கி அதை ஈடுகட்ட 140 மாதங்கள் ஆகும். அதாவது ஏறத்தாழ 78 வயது 8 மாதம். அதற்குமேல் வாழ்ந்தால் காத்திருந்தவருக்கே லாபம். விலைவாசி உயர்வுக்கான ஏற்றம் இருவருக்கும் ஒரே சதவீதத்தில் வருவதால் விகிதம் மாறாது.

சரி, மனம் மாறினால்? 12 மாதத்துக்குள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம், ஆனால் வாங்கியதை முழுக்கத் திருப்பித் தரவேண்டும். 62 தாண்டியும் சம்பாதிப்பதால் பென்ஷன் நிறுத்திவைக்கப்பட்ட மாதங்கள் இருந்தால், 67-இல் அவற்றுக்கான கழிவை நீக்கித் தருவார்கள்.

கழிவு வாங்கியவரோடு முடிவதுமில்லை. நம் உதாரணத்தில் கணவர் 62-இல் வாங்கி, பிறகு இறந்துவிட்டால், அவர் கணக்கில் மனைவிக்கு முழு 2,000 வராது. கணவர் வாங்கிய தொகை, முழுத் தொகையில் 82.5 சதவீதம் ஆகிய இரண்டில் பெரியதே உச்சவரம்பு. இங்கே அது 1,650 டாலர்.