“போன மாசம்தான் கேஸ் அடிச்சேன்” என்று சொல்லி விலையை ஏற்றாதீர்கள்

இந்த வாரத்தில் இது மூன்றாவது. “தம்பி, ஃப்ரிட்ஜை விக்கணும், என்ன விலை சொல்லலாம்?” என்று கூப்பிட்டார் ஒரு அக்கா. 190 லிட்டர், ஒற்றைக் கதவு. 2019இல் 13,500 ரூபாய்க்கு வாங்கியது. அவர் மனதில் இருந்த விலை 11,000. எப்படி என்றேன். “ரெண்டு தடவை கேஸ் அடிச்சிருக்கேன், தெர்மோஸ்டாட் மாத்தியிருக்கேன், 6,000 செலவு. புதுசு மாதிரி இருக்கு.”

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ், வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் இல்லை. ஓட ஓடத் தீராது. கம்பெனியில் அடைத்து மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் பதினைந்து வருடமானாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்தால், பஞ்சரான டயருக்குக் காற்றடித்த கதை. எட்டு மாதத்தில் இரண்டு முறை அடித்தேன் என்று வாங்க வருபவரிடம் சொன்னால், விவரம் தெரிந்தவர் காதில் அது “இது ஒழுகுகிறது” என்றுதான் விழும். அதற்கு விலை கூடாது, குறையும். (அந்த இரண்டு முறையும் ஓட்டையைத் தேடாமல் காசு வாங்கிப் போன என் தொழில்காரர்களையும் சேர்த்தே திட்டுகிறேன்.)

நேரில் போய்ப் பார்த்தேன். ஃப்ரீசர் பெட்டியில் இடது ஓரத்தில் மட்டும் பனி பிடித்திருந்தது, மீதிப் பக்கம் வெறும் ஈரம். நல்ல மெஷினில் நாலு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையாகப் பிடிக்க வேண்டும். கம்ப்ரசரும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அழுத்தம் ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவினேன். ஃப்ரீசர் தரையில் ஒரு கோட்டில் குமிழி வந்தது. கத்தி கீறிய கோடு. ஐஸ் கட்டியைக் கத்தியால் நெம்பி எடுத்திருக்கிறார்கள். அந்த அலுமினியத் தகட்டுக்குள்ளேதான் கேஸ் ஓடும் பாதை இருக்கிறது. தயவுசெய்து, கத்தி வேண்டாம். சுவிட்சை அணைத்துவிட்டால் தானே உருகிவிடும்.

சரி, விலைக்கு வருவோம். நீங்கள் வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். அதே அளவு ஃப்ரிட்ஜ் இன்று கடையில் என்ன விலை என்று பாருங்கள். எங்கள் பக்கத்துக் கடையில் 15,000. நான் போடும் கணக்கு: மூன்று வருடத்தில் அதில் பாதி, ஆறு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு, பத்தைத் தாண்டினால் பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலே. வயதையும் வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள். பில் இல்லாவிட்டால், உள்ளேயோ பின்னாலோ ஒட்டிய ஸ்டிக்கரில் தயாரித்த மாதமும் வருடமும் பெரும்பாலும் இருக்கும். பிராண்டைப் பொறுத்தவரை விளம்பரத்தில் வரும் பெயர் முக்கியமில்லை. உங்கள் ஊரில் அதற்குச் சர்வீஸும் ஸ்பேரும் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. கிடைக்காத பிராண்டுக்கு நான் ஆயிரம் குறைப்பேன்.

அக்காவின் ஃப்ரிட்ஜ் இந்தக் கணக்கில் 5,000. ஓட்டை விழுந்த ஃப்ரீசர் தகட்டை மாற்றிக் கேஸ் அடிக்க 3,000 ஆகும். அதைக் கழித்தால் 2,000. தெர்மோஸ்டாட்டுக்கு எதுவும் கூடாது, அது வேலை செய்ய வேண்டியதுதானே! கம்ப்ரசரையே மாற்றி, தேதி போட்ட பில்லும் வாரண்டி மிச்சமும் இருந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டலாம். “கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி” என்று சொல்வதற்கு முன்னால் கார்டைப் படியுங்கள். பெரும்பாலும் கம்ப்ரசர் மட்டும்தான் இலவசம், கேஸும் கூலியும் தனி.

ஓடுகிறது என்பதற்கு, விளக்கு எரிவதைக் காட்டினால் போதாது. வாங்குபவர் வருவதற்கு முந்தைய இரவே போட்டு வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் ஃப்ரீசரில் கல்லாகியிருக்கட்டும். அவர் கண்முன்னே கம்ப்ரசர் ஒரு முறை நின்று, மறுபடி ஓட வேண்டும். அதற்காக அரைமணி நேரம் உட்கார வைத்து ஒரு காபி கொடுங்கள், பரவாயில்லை. வாங்குபவர்களே, அணைத்து வைத்த ஃப்ரிட்ஜைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாஷிங் மெஷினுக்கும் இதே கணக்குதான். தண்ணீர் நிரப்பி, துணி போட்டு, கடைசி ஸ்பின் வரை ஓட்டிக் காட்டுங்கள். ஸ்பின்னில் விமானம் கிளம்பும் சத்தம் வந்தால் பேரிங் போயிற்று, அந்தச் செலவைக் கழித்து விலை சொல்லுங்கள்.

அந்த அக்காவுக்கு இரண்டு வழி சொன்னேன். 3,000 போட்டுச் சரிசெய்து, பில்லோடு 5,000க்கு விற்கலாம். இல்லையென்றால் ஓட்டை இருக்கிறது என்று சொல்லியே 2,000க்குக் கொடுக்கலாம். கைக்கு வருவது இரண்டிலும் ஒன்றுதான். அலைய முடியாது என்று, பழைய ஃப்ரிட்ஜ் வாங்கிச் சரிசெய்து விற்பவரிடம் 1,800க்குக் கொடுத்துவிட்டார். கீறலைக் காட்டித்தான் கொடுத்தார்.