தஷ்பீஹ், இஸ்திஆரா, கினாயா: ஒரே கஸீதாவில் மூன்றும்

அரபு அணியிலக்கணத்தில் மாணவரைப் பெரிதும் குழப்புபவை தஷ்பீஹ் என்னும் உவமை, இஸ்திஆரா, கினாயா ஆகிய மூன்றே. இம்மூன்றையும் இஸ்லாத்துக்கு முற்பட்ட ஆறாம் நூற்றாண்டுக் கவிஞர் இம்ரவுல் கைஸின் முஅல்லகா என்னும் கஸீதா, அதாவது நெடும்பாடல், ஒன்றிலேயே காணலாம்.

"வலைலின் கமவ்ஜில் பஹ்ரி அர்க்கா ஸுதூலஹு" என்று ஓர் இரவை அவர் பாடத் தொடங்குகிறார். கடலலை போன்ற இரவு தன் திரைகளைக் கவலைகளோடு கவிஞர்மேல் இறக்கிவிட்டது என்பது பொருள். இரவு, அலை என இரு பொருள்களும் வெளிப்படையாக நிற்க, 'க' என்னும் உவமஉருபு அவற்றை இணைப்பதால் இது தஷ்பீஹ். உருபு மறைந்தாலும் இரு பொருள்களும் நிற்கும்வரை பெரும்பாலான இலக்கணிகள் அதை உவமை என்றே கொள்வர். ஆதலால் நாம் உருவகம் என்னும் 'முகமதி'யும் அங்கே உவமைக்குள்தான் அடங்கும்.

அதே அடியின் 'ஸுதூல்', அதாவது திரைகள், வேறு வகை. திரை சொல்லப்படுகிறது; அது குறிக்கும் இருள் சொல்லப்படவில்லை. இப்படி ஒரு பக்கம் மறைந்து, ஒப்புமை மட்டும் எஞ்சினால் அது இஸ்திஆரா. அடுத்த அடியில் மறைவது மறுபக்கம். இரவு முதுகை நீட்டியது, பின்பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தது, மார்பை அழுத்தி எழ முயன்றது என்கிறார் கவிஞர். ஒட்டகம் என்ற சொல்லே இல்லை. அதன் உறுப்புகளும் அசைவும் மட்டுமே உள்ளன. விடியாமல் நீளும் இரவின் பாரத்தை இவ்வளவு உடலோடு காட்டிய அடிகள் எனக்குத் தெரிந்து மிகச் சில. இரவுக்கு முதுகு இருக்க முடியாது என்பதால் நேர்ப்பொருள் தடைபடுகிறது. இத்தகைய தடையைக் காட்டும் குறிப்புக்குக் கரீனா என்று பெயர். இஸ்திஆராவைக் கண்டறிய முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

கினாயாவில் அந்தத் தடை இல்லை. காதலியைக் கவிஞர் 'நஊமுத் துஹா', அதாவது முற்பகல்வரை உறங்குபவள் என்கிறார். அவள் உண்மையிலேயே உறங்கியிருக்கலாம், எதுவும் முரண்படவில்லை. ஆனால் கவிஞர் கருதுவது அவளுக்குப் பணியாட்கள் உண்டு, எழுந்து வேலை செய்ய வேண்டியதில்லை என்பதையே. 1078இல் மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ இதே தொடரை எடுத்துக்காட்டி, சொல்லின் பொருளிலிருந்து அதன் விளைவான இன்னொரு பொருளுக்கு மனம் செல்வதை விளக்கினார்.

இங்கு ஒப்புமையும் இல்லை, தடையும் இல்லை என்பதால் கினாயா எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். நெடுநேர உறக்கம் சோம்பலையும் நோயையும்கூடச் சுட்டலாம். படுக்கையில் கஸ்தூரித் துகள்கள் சிதறிக் கிடக்கின்றன, வேலைக்காக அவள் இடைக்கச்சை கட்டுவதில்லை என அதே அடியின் மற்றச் சொற்கள் சொல்வதால்தான் செல்வ வாழ்வு என்ற பொருள் உறுதியாகிறது.