மார்க் குறைந்தால் யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது

குடியாத்தம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலூர் வந்து ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பெண் அவள். மூன்றாம் செமஸ்டர் முடிவு வந்த மறுநாள் மாலை என் வீட்டுக்கு வந்தாள். போனில் இருந்த முடிவைக் காட்டினாள். இன்டர்னல் 25க்கு 19, எக்ஸ்டர்னல் 75க்கு 26, மொத்தம் 45. தேர்ச்சி இல்லை.

"நாற்பது எடுத்தா பாஸ்தானே சார்? நாற்பத்தஞ்சுக்கு எப்படி ஃபெயில் போடுவாங்க?" என்று கேட்டாள்.

கல்லூரி அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியோடு வந்து, பதில் தெரியாமலே திரும்பிப் போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மொத்தத்தில் 40 வாங்கினால் மட்டும் போதாது. நம் பக்கத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் எக்ஸ்டர்னலில் தனியாக 40 சதவீதம், அதாவது 75க்கு 30, வாங்கியாக வேண்டும். அவளுக்கு உண்மையில் குறைந்தது 4 மார்க். இது தெரியாமல் "45 எடுத்தும் ஃபெயில் போட்டுவிட்டீர்கள்" என்று மெயில் அனுப்பியிருந்தால், விதியைச் சுட்டிக்காட்டி ஒரே வரியில் பதில் வந்திருக்கும். உள்ளே இருக்கும் நிஜமான தவறை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவள் ஏற்கெனவே ஒரு மெயில் எழுதி வைத்திருந்தாள். நன்றாகப் படித்தேன், 60 எதிர்பார்த்தேன், என் நோட்ஸைப் பார்த்துப் படித்த தோழிக்கே 50 வந்திருக்கிறது, தயவுசெய்து மறுபடி திருத்துங்கள் என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் தேர்வுப் பிரிவுக்கு முடிவு வந்த வாரத்தில் இதே மெயில் எத்தனையோ வரும். அதில் அவர்கள் எடுத்துச் சரிபார்க்க எதுவும் இல்லை. எந்தக் கேள்வி, எந்தப் பக்கம் என்று இல்லாத மெயில் அப்படியே கிடக்கும். என் கண் முன்னால் கிடந்திருக்கிறது.

அதனால் முதலில் விடைத்தாள் நகல். அது கைக்கு வராமல் காரணம் எழுத முடியாது. முடிவு வெளியான அறிவிப்பிலேயே நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணமும் கடைசித் தேதியும் போட்டிருப்பார்கள். கால அவகாசம் குறைவாகத்தான் இருக்கும். நடுவில் ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லாம் வந்து விழும். அந்த அறிவிப்பை அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது பலகையில் இருக்காது.

இங்கேதான் பிள்ளைகள் முதலில் வழுக்குகிறார்கள். கவுன்டரில் இருப்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார், "எல்லாரும் மறுகூட்டல்தான் போடுறாங்க, செலவு கம்மி, நீயும் அதையே போடும்மா" என்று. மறுகூட்டல் என்றால் ஏற்கெனவே போட்ட மார்க்கைக் கூட்டிப் பார்ப்பது. திருத்தாமல் விட்ட விடை இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி இருக்கிறது. ஆனால் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நீங்கள் காட்டாவிட்டால் அது கண்ணில் படும் என்று நம்ப முடியாது. மறுமதிப்பீடு என்றால் வேறொரு ஆசிரியர் முழுத்தாளையும் திருத்துவது. சில இடங்களில் ஒன்றைப் போட்டுவிட்டால் இன்னொன்றைப் போட முடியாது. சில இடங்களில் நகல் வாங்கியவர்கள் மட்டும்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். பிளஸ் டூவிலும் நகல் வாங்கிய பிறகுதான் மறுமதிப்பீடு. நகல் வாங்கும் வரை இரண்டில் எதற்கும் பணம் கட்டாதீர்கள். நகல் வாங்கவே நேரம் போய்விடும் என்று பயந்தால், விண்ணப்பித்த ரசீதோடு, நகல் கிடைத்த நாளிலிருந்து அவகாசம் வேண்டும் என்று அன்றே ஒரு மெயில் போட்டு வையுங்கள்.

சரி, நகல் வந்தது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் முகப்புத் தாளில் இருக்கும் கட்டங்களைப் பார்க்க வேண்டும். பகுதி அ-வில் 10, பகுதி ஆ-வில் 9, பகுதி இ-யில் 16ஆம் கேள்விக்கு 4, 20ஆம் கேள்விக்கு 3. மொத்தம் 26, கூட்டல் சரி. ஆனால் பகுதி இ-யில் மூன்று கேள்வி எழுத வேண்டும். அவள் 18ஐயும் எழுதியிருந்தாள். 18இன் கட்டம் காலி. பூஜ்யம்கூட இல்லை.

பூஜ்யம் போட்டிருந்தால் திருத்திவிட்டார்கள், விடை தவறு என்று அர்த்தம். கட்டம் காலியாக இருந்தால் அந்த விடையைப் பார்க்கவே இல்லை என்று சந்தேகப்படலாம். பக்கங்களைப் புரட்டினோம். 26ஆம் பக்கத்தில் 20ஆம் கேள்வியின் விடை முடிகிறது. 27, 28 வெற்றுப் பக்கம். 29 முதல் 31 வரை 18ஆம் கேள்வியின் விடை. அந்த மூன்று பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு, ஒரு டிக் எதுவும் இல்லை. வெற்றுப் பக்கத்தைப் பார்த்ததும் தாள் முடிந்தது என்று திருத்தியவர் மூடியிருக்கிறார். ஒரே நாளில் கட்டுக் கட்டாகத் திருத்தும் இடத்தில் இது நடக்கிறது. அவள் அந்த இரண்டு பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, 'பின்பக்கம் பார்க்க' என்று எழுதியிருக்கலாம்தான். அதற்காக எழுதிய விடைக்கு மார்க் இல்லை என்று ஆகிவிடாது.

அப்புறம் இன்னொன்றும் கிடைத்தது. 14ஆம் பக்கத்தில் 13ஆம் கேள்விக்குப் பக்கத்திலேயே 3 என்று போட்டிருக்கிறது. முகப்புக் கட்டத்தில் அதே கேள்விக்கு 1. எடுத்து எழுதும்போது மாறியிருக்கிறது. இந்த 2 மார்க்கைச் சேர்த்தாலும் 28தான், தேர்ச்சிக்குப் போதாது. மறுகூட்டல் மட்டும் போட்டு, அதில் இது மட்டும் கண்ணில் பட்டிருந்தால், மாற்றம் செய்தோம், ஆனாலும் தேர்ச்சி இல்லை என்று கதை அங்கேயே முடிந்திருக்கும்.

15ஆம் கேள்விக்கு 1 மார்க் குறைவு என்று அவள் சொன்னாள். அது திருத்தியவரின் கணிப்பு. அதை எழுத வேண்டாம் என்றேன். காட்டக்கூடிய இரண்டு தவறோடு காட்ட முடியாத ஒன்றைச் சேர்த்தால், படிப்பவர் அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் தாண்டிப் போவார்.

மெயில் துறைத்தலைவருக்கோ தாள் எடுத்த ஆசிரியருக்கோ இல்லை, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. எல்லாரும் சிஓஇ ஆபீஸ் என்று சொல்வார்களே, அங்கே. முதல்வருக்கு ஒரு நகல். தலைப்பிலேயே பதிவெண்ணும் தாளின் குறியீடும் இருக்க வேண்டும். ஒரு பதிவெண்ணைத் தப்பாக அடித்ததால் இரண்டு மாதம் அலைந்த பையனை எனக்குத் தெரியும். அவள் அனுப்பியது இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு மாணவி. மேற்கண்ட தாளில் எனக்கு எக்ஸ்டர்னலில் 26 மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது. முறைப்படி கட்டணம் செலுத்தி விடைத்தாள் நகல் பெற்றுப் பார்த்தேன். பகுதி இ, கேள்வி 18க்கான விடை 29 முதல் 31 வரையிலான பக்கங்களில் உள்ளது. அப்பக்கங்களில் மதிப்பீட்டுக் குறி எதுவும் இல்லை. முகப்புத் தாளில் அதற்கான கட்டமும் காலியாக உள்ளது. மேலும் கேள்வி 13க்கு 14ஆம் பக்கத்தில் 3 என்றும் முகப்புத் தாளில் 1 என்றும் உள்ளது. இவ்விரண்டையும் சரிபார்த்து மறுமதிப்பீடு செய்துதருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுமதிப்பீட்டு விண்ணப்பமும் கட்டண ரசீதும் அந்தப் பக்கங்களின் நகலும் இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்ததைத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்."

குடும்பக் கஷ்டம் இல்லை, தோழியின் மார்க் இல்லை, ஆசிரியர் மீது குற்றச்சாட்டும் இல்லை. கஷ்டம் இல்லாமல் இல்லை. அம்மா பீடி சுற்றித்தான் கட்டணம் கட்டினார். ஆனால் அதைப் படித்து மார்க் போடும் அதிகாரம் அந்த நாற்காலியில் யாருக்கும் கிடையாது.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். மெயில் விண்ணப்பம் ஆகாது. மெயில் அனுப்பியாச்சு என்று வீட்டில் இருந்து, படிவமும் பணமும் கட்டாமல் தேதி தாண்டிப் போனவர்கள் உண்டு. படிவத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "முத்திரை எல்லாம் வேண்டாம், வெச்சுட்டுப் போ" என்பார்கள். வாங்காமல் நகராதீர்கள்.

அடுத்தது அரியர் கட்டணம். மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுக்கான கடைசித் தேதி பல நேரம் முடிந்துவிடும். முடிவு வரட்டும் என்று காத்திருந்து ஒரு செமஸ்டரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவளை அரியருக்குப் பணம் கட்ட வைத்தேன். அநியாயச் செலவுதான். வேறு வழி இல்லை.

நகலே தர மாட்டோம் என்றால்? அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. திருத்திய விடைத்தாளை எழுதியவர் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அந்த 30 நாளுக்குள் மறுமதிப்பீட்டுத் தேதி போயிருக்கும். அந்தச் சட்டத்தில் தாளைப் பார்க்கத்தான் முடியும், மறுபடி திருத்தச் சொல்ல முடியாது.

மெயிலுக்குப் பதிலே வராவிட்டால், யுஜிசியின் 2023 விதிப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர முயல வேண்டும். அதற்கு மேல் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கேயும் வெறுமனே மறுபடி திருத்துங்கள் என்று கேட்டால் எடுக்க மாட்டார்கள். முடிவையே மாற்றும் அளவுக்குக் குறிப்பிட்ட முறைகேட்டைக் காட்ட வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. '29 முதல் 31 வரை, கட்டம் காலி' என்ற அந்த இரண்டு வரி அங்கேயும் தேவைப்படும்.

அவளுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. மூன்று முறை நேரில் போய்க் கேட்ட பிறகு முடிவு வந்தது. கேள்வி 18க்கு 6, 13க்கு விட்டுப்போன 2, எக்ஸ்டர்னல் 34. அரியருக்குக் கட்டிய பணம் திரும்பவில்லை. திருத்திய மதிப்பெண் பட்டியலைத் தானாக யாரும் அனுப்பவும் இல்லை. பழைய பட்டியலை ஒப்படைத்து, எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினாள். புதியதில் 34 என்றும் மொத்தம் 53 என்றும் இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பார்க்கச் சொல்லியிருந்தேன். பார்த்தாள், சரியாக இருந்தது.