அம்புக்குறி போட்டுவிட்டால் விளக்கம் ஆகிவிடாது

முதலாண்டு மாணவர்களின் பிசியாலஜி விடைத்தாள் கட்டு ஒன்று திருத்தி முடிந்திருக்கிறது. சிறுநீர் அடர்த்தியாவது பற்றிய 15 மதிப்பெண் கட்டுரை. பாதிக்கு மேற்பட்ட தாள்களில் ஒரே முன்னுரை, ஒரே ஃப்ளோ சார்ட், ஒரே இடத்தில் ஒரே தவறு. பழைய வினாத்தாளுக்கு யாரோ எழுதி வைத்த விடை கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் வந்திருக்கிறது. கேட்டதோ வேறு கேள்வி.

கேட்ட கேள்வி இதுதான். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் மே மாத வெயிலில் காலை 6 மணி முதல் 12 மணி வரை உப்பு வாரிய 40 வயதுப் பெண். குடித்தது ஒரு செம்பு தண்ணீர். சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போகிறது. பிளாஸ்மா ஆஸ்மோலாலிட்டி 298, சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி 1050. (அ) எந்த ஹார்மோன், எப்படித் தூண்டப்பட்டது? 5 மதிப்பெண். (ஆ) இவ்வளவு அடர்த்தியான சிறுநீர் உருவாகச் சிறுநீரகத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது? 7 மதிப்பெண். (இ) ஹார்மோன் சுரந்தும் சிறுநீரகம் அதற்கு இணங்காவிட்டால் என்ன ஆகும்? 3 மதிப்பெண்.

மூன்று மணி நேரத்தில் நூறு மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். இந்தக் கேள்விக்கு 27 நிமிடம். அதில் (அ) பகுதிக்கு 9, (ஆ) பகுதிக்குப் பன்னிரண்டரை, மிச்சம் (இ) பகுதிக்கு. இப்படி இருக்க, சிறுநீரகத்தின் எடை, நெஃப்ரானின் எண்ணிக்கை, சிறுநீரகத்தின் வேலைகள் என்று ஒன்றரைப் பக்க முன்னுரை எதற்கு? அதற்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை. பத்து நிமிடம் அங்கேயே போய்விடுகிறது. (இ) பகுதியில் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிய தாள்கள் அத்தனையும் முன்னுரையில் நேரத்தைத் தொலைத்த தாள்கள்தான்.

தலைப்புகளையும் கேள்வியிலிருந்தே எடுங்கள். அ, ஆ, இ என்று கேட்டிருந்தால் உங்கள் பெரிய தலைப்பும் அந்த மூன்றுதான். ‘அறிமுகம்’, ‘வகைகள்’, ‘முக்கியத்துவம்’ என்று எல்லா விடைக்கும் ஒரே சட்டத்தை மாட்டாதீர்கள். திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பு (அ)-வுக்கு 5 என்றுதான் பிரிந்திருக்கும். அந்த ஐந்தை அவர் உங்கள் தாளில் தேட வேண்டிய நிலை வரக்கூடாது.

அடுத்தது ஃப்ளோ சார்ட். ‘கட்டுரையில் ஃப்ளோ சார்ட் இருந்தாலே மார்க்’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அதுதான் இத்தனை தாள்களையும் கெடுத்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் போட்டது இது:

வெயில் → வியர்வை → ஏ.டி.எச். → நீர் மறு உறிஞ்சல் → சிறுநீர் குறைவு

இதில் நான்கு அம்புகள். ஒவ்வொன்றையும் தொட்டு ‘அதனால்’ என்று படித்துப் பாருங்கள். வியர்த்தது, அதனால் ஏ.டி.எச். சுரந்தது. எப்படி அதனால்? வியர்த்த சேதி மூளைக்கு யார் மூலம் போனது? அந்த அம்பு ‘அதனால்’ என்று சொல்லவில்லை, ‘அப்புறம்’ என்று சொல்கிறது. ‘அப்புறம்’ என்று மட்டும் சொல்லும் அம்புக்குப் பிசியாலஜியில் மதிப்பெண் இல்லை. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும்போது எது கூடியது, எது குறைந்தது, யார் அதை உணர்ந்தார், எந்த இடத்தில் என்பது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அந்தப் படிக்குத்தான் கேள்வியில் ஐந்து மதிப்பெண்.

இதே (அ) பகுதியை இப்படி எழுதலாம்:

வியர்வை பிளாஸ்மாவைவிட உப்புக் குறைந்த நீர்
↓
உப்பைவிட நீர் அதிகமாக இழப்பு. பிளாஸ்மா ஆஸ்மோலாலிட்டி ↑ 298
↓
ஹைப்போதலாமஸ் முன்பகுதியின் ஆஸ்மோரிசெப்டர் செல்கள் சுருங்கி, தூண்டப்படுகின்றன
↓
சுப்ராஆப்டிக், பாராவென்ட்ரிகுலர் நியூரான்களில் நரம்புத் துடிப்பு ↑
↓
போஸ்டீரியர் பிட்யூட்டரியிலிருந்து ஏ.டி.எச். ↑, கூடவே தாகம் ↑
↓
கலெக்டிங் டக்டில் வி2 ரிசெப்டர், சைக்ளிக் ஏ.எம்.பி. ↑
↓
அக்வாபோரின்-2 குழாயின் உட்பக்கச் சவ்வுக்கு வருகிறது. நீர் மறு உறிஞ்சல் ↑
↓
பிளாஸ்மா ஆஸ்மோலாலிட்டி இயல்பை நோக்கி ↓

கடைசிப் பெட்டியிலிருந்து ஆஸ்மோரிசெப்டருக்கு ஒரு விட்டுவிட்ட கோடு இழுத்து, கழித்தல் குறி போடுங்கள். அது நெகட்டிவ் ஃபீட்பேக். அந்தக் கோடு இல்லாத ஹார்மோன் ஃப்ளோ சார்ட் பாதியில் நின்ற வாக்கியம்.

முதல் பெட்டியைப் பாருங்கள். இந்தக் கேள்வியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பல தாள்களில் ‘இரத்தக் கொள்ளளவு குறைந்தது, பாரோரிசெப்டர் தூண்டியது’ என்று தொடங்கியிருக்கிறார்கள். அந்த வழியும் உண்மைதான், ஆனால் அதற்குக் கொள்ளளவு சுமார் 10 சதவீதம் குறைய வேண்டும். ஆஸ்மோலாலிட்டியோ 1 சதவீதம் ஏறினாலே ஏ.டி.எச். கூடிவிடும். கேள்வியில் 298 என்று கொடுத்ததே எந்தத் தூண்டல் என்று நீங்கள் கண்டுபிடிப்பதற்காகத்தான். கேள்வியில் இருக்கும் எண் விடையில் ஒரு முறையாவது வராவிட்டால், கேள்வியைப் படிக்காமல் எழுதியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

(ஆ) பகுதிக்கு வருவோம். இங்கே ஃப்ளோ சார்ட்டே போடாதீர்கள். ஃப்ளோ சார்ட் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைக் காட்டும். ஹென்லி வளைவில் எல்லாம் ஒரே நேரத்தில், எதிரெதிர்த் திசையில் நடக்கிறது. இறங்கு குழாயில் நீர் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே ஏறு குழாய் உப்பை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்று மற்றதற்குக் காரணமாகவும் விளைவாகவும் இருக்கிறது. இதை நேர்கோட்டில் அடுக்கினால் ‘முதலில் இறங்கு குழாயில் சிறுநீர் அடர்த்தியாகிறது, பிறகு ஏறு குழாயில்…’ என்று போய், ‘ஹென்லி வளைவு சிறுநீரை அடர்த்தியாக்குகிறது’ என்ற பெருந்தவறில் முடிகிறது.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஹென்லி வளைவை விட்டு வெளியே வரும் திரவம் இரத்தத்தைவிட நீர்த்தது. உள்ளே வரும்போது 300, அடிவளைவில் 1200, மேலே ஏறி வெளியேறும்போது ஏறத்தாழ 100. அடர்த்தியான சிறுநீர் வேண்டும் என்று போனால் அதைவிட நீர்த்த திரவமா என்று குழம்ப வேண்டாம். வளைவின் வேலை தனக்குள் இருக்கும் திரவத்தை அடர்த்தியாக்குவது இல்லை, சுற்றியிருக்கும் மெடுல்லாவை உப்பாக்கி வைப்பது. சிறுநீர் அடர்த்தியாவது கலெக்டிங் டக்டில். உப்பான மெடுல்லா வழியாக அது இறங்குகிறது, ஏ.டி.எச். இருந்தால் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. உப்பளம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கடினமே இல்லை: பாத்திக்குப் பாத்தி உப்பு ஏறுவதுபோல மெடுல்லாவில் மேலிருந்து கீழே உப்பு ஏறுகிறது.

அதனால் படம். பென்சிலில், பாதிப் பக்கத்துக்கு ஒரு பெரிய ‘ப’ வடிவ வளைவு. இறங்கு குழாயில் மேலிருந்து கீழாக 300, 600, 900, 1200. வெளியே இன்டர்ஸ்டிஷியத்திலும் அதே எண்கள். ஏறு குழாயில் கீழிருந்து மேலாக 1000, 700, 400, 100. ஒவ்வொரு மட்டத்திலும் ஏறு குழாய்க்கும் வெளிப்புறத்துக்கும் 200 வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். அந்த 200-தான் ‘சிங்கிள் எஃபெக்ட்’. அது மட்டத்துக்கு மட்டம் பெருகித்தான் 1200 ஆகிறது. ஏறு குழாயின் மேல்பாதியைத் தடித்த கோட்டில் வரைந்து, சோடியம்-பொட்டாசியம்-2 குளோரைடு கடத்தியை அங்கே மட்டும் குறியுங்கள். நுனிவரை பம்ப் வரைந்து வைக்கிறீர்கள். கீழே இருக்கும் மெல்லிய பகுதியில் சோடியம் குளோரைடு தானாக வெளியேறுகிறது, அங்கே பம்ப் இல்லை. ஏறு குழாய் நீரை விடாது என்பதை ஒரு சொல்லில் எழுதிவிடுங்கள். பக்கத்தில் கலெக்டிங் டக்ட் தனியாக.

படத்துக்கு நான்கு நிமிடம். மிச்ச நேரத்தில் இரண்டு சிறு தலைப்பு போதும். யூரியா மறுசுழற்சி: உச்ச அடர்த்தியின்போது உள் மெடுல்லாவின் ஆஸ்மோலாலிட்டியில் ஏறத்தாழப் பாதி யூரியாவால் வருகிறது. வாசா ரெக்டா: சரிவை உருவாக்குவது இல்லை, கழுவிப் போகாமல் காப்பது. இந்த ‘உருவாக்குவது’, ‘காப்பது’ இரண்டையும் மாற்றி எழுதிய தாள்களுக்குக் கணக்கே இல்லை. மல்டிப்ளையர் உருவாக்கும், எக்ஸ்சேஞ்சர் காக்கும். அவ்வளவுதான்.

(இ) பகுதிக்கு நாலே வரி. இணங்காவிட்டால் சிறுநீர் நிறைய, நீர்த்து, பெரும்பாலும் 300-க்குக் கீழே போகும். பிளாஸ்மா ஆஸ்மோலாலிட்டி இன்னும் ஏறும். டெஸ்மோப்ரெசின் கொடுத்தாலும் சிறுநீர் அடர்த்தி பெரிதாக ஏறாது. மூளையில் சுரப்பு இல்லாத வகையிலிருந்து அதை வைத்துப் பிரிக்கலாம். லித்தியம் ஒரு காரணம். இந்தப் பெண்ணின் சிறுநீர் 1050 என்பதால் அவருடைய சிறுநீரகம் இணங்கியிருக்கிறது என்ற வரியையும் சேருங்கள். நோயாளியைக் கொடுத்துக் கேட்டால் நோயாளியிடம் திரும்பி வர வேண்டும்.

பழைய வினாத்தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் எடுங்கள். ஆனால் விடையாக மனப்பாடம் செய்யாமல் துண்டாக உடையுங்கள். இந்தத் தலைப்புக்கு நான்கு துண்டு: ஏ.டி.எச். ஃப்ளோ சார்ட், வளைவின் படம், யூரியாவும் வாசா ரெக்டாவும், டயபடீஸ் இன்சிபிடஸ். ஒவ்வொரு பழைய கேள்விக்கும் எந்தத் துண்டு, எத்தனை மதிப்பெண் என்று ஓரத்தில் குறியுங்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் நீளமான ஆங்கில வாக்கியத்துக்குப் பயந்து முழு விடையையும் உருப்போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்தத் துண்டுகளில் பெரிய வாக்கியமே தேவையில்லை; சரியான சொல்லும், ஏறியதா இறங்கியதா என்ற அம்பும் போதும்.

துண்டு கைவசம் இருந்தால் புதுக் கேள்வியும் மிரட்டாது. பாம்பனிலிருந்து போன படகு இன்ஜின் பழுதாகி நடுக்கடலில் நிற்கிறது, குடிநீர் தீர்ந்து மீனவர் ஒரு லிட்டர் கடல்நீர் குடித்துவிட்டார், என்ன ஆகும் என்று கேட்டால்? கடல்நீரின் அடர்த்தியை 1200 மில்லிஆஸ்மால் என்று வையுங்கள். அன்றாடம் வெளியேற்ற வேண்டிய யூரியா முதலிய கழிவு 600. மொத்தம் 1800. சிறுநீரகத்தின் உச்ச அடர்த்தி லிட்டருக்கு 1200 என்பதால் அதை வெளியேற்ற ஒன்றரை லிட்டர் சிறுநீர் வேண்டும். குடித்தது ஒரு லிட்டர், போனது ஒன்றரை. அரை லிட்டர் அவர் உடம்பிலிருந்தே போகிறது. இந்த 1200 நீங்கள் வரைந்த வளைவின் அடியில் எழுதிய அதே 1200. கணக்கைப் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதி, அந்த எண்ணிலிருந்து ஒரு கோடு இழுத்துக் காட்டுங்கள்.