செக்கு வாங்கும் முன் 20 கிலோ கடலையை ஆட்டிப் பாருங்கள்

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒருவர் மரச்செக்கு போட யோசனை கேட்டு என்னிடம் வந்தார். வங்கிக்குக் கொடுக்க யாரோ எழுதித் தந்த திட்ட அறிக்கையும் கையில் இருந்தது. அதில் 100 கிலோ நிலக்கடலைப் பருப்புக்கு 45 கிலோ எண்ணெய் என்று போட்டிருந்தார்கள். மரச்செக்கில் 40 கிலோ கிடைத்தாலே நல்ல ஆட்டு. மீதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

அவரோடு உட்கார்ந்து அன்றைய அவர் ஊர் விலையில் ஒரு நாள் கணக்குப் போட்டோம். பருப்பு 100 கிலோ, கிலோ 120 வீதம் 12,000 ரூபாய். 40 கிலோ எண்ணெயைத் தெளியவைத்து மண்டி கழித்தால் 42 லிட்டர். லிட்டர் 280 என்றால் 11,760. புண்ணாக்கு 56 கிலோ, 40 ரூபாய்க்கு 2,240. ஆக வரவு 14,000. ஆள்கூலி, கரண்ட், வாடகை, பாட்டில், லேபிள் சேர்த்து 1,500 போனால் மிச்சம் 500. வங்கி வட்டி இன்னும் கழிக்கவில்லை.

இதே கணக்கில் எண்ணெயை 38 கிலோவாகக் குறைத்துப் பாருங்கள். 40 லிட்டரும் 58 கிலோ புண்ணாக்கும்தான் வரும். மிச்சம் 20 ரூபாய். இரண்டு கிலோ எண்ணெயில் ஒரு நாள் லாபமே போய்விடுகிறது.

சந்தையும் இதே இடத்தில்தான் இடிக்கிறது. 280 என்பது வாசலில் விற்கும் விலை. பாதி எண்ணெயை மளிகைக் கடைக்கு 250-க்குப் போட்டாலே 630 ரூபாய் குறையும். அதனால் வாசலுக்கு வந்து வாங்கக்கூடிய வீடுகளைப் பெயரோடு எழுதிவரச் சொன்னேன். தெரிந்தவர்கள் எல்லாரும் வாங்குவார்கள் என்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

“பாட்டில் எதுக்குங்க, தூக்குல ஊத்திக் குடுத்துடலாமே?” என்றார். சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தரவில்லை. அதனால் பாட்டில் செலவைத் தவிர்க்க முடியாது. வாடகை இடம் என்பதால் மின் இணைப்புக்கும் உணவு உரிமத்துக்கும் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். மோட்டார் வைக்க ஊராட்சி அனுமதியும் வேண்டும். இவை கைக்கு வருமுன் செக்குக்கு முன்பணம் கட்டக் கூடாது. வேறொருவர் கட்டிவிட்டு, மும்முனை இணைப்புக்காக மாதக்கணக்கில் வட்டி மட்டும் செலுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு, தான் வாங்கப்போகும் வியாபாரியிடமே 20 கிலோ பருப்பு வாங்கி, கூலிக்கு ஆட்டும் செக்கில் கொடுத்து நிறுத்துப் பார்த்தார். ஏழரைக் கிலோதான் வந்தது. பருப்பில் ஈரம் இருந்தது. அதே மூட்டையில் இன்னொரு 20 கிலோவை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து ஆட்டினார். எட்டுக் கிலோ வந்தது.

அதன்பின் தொடங்கும் மாதத்தை மாற்றினோம். ஆடிப்பட்டக் கடலை வரும் கார்த்திகையில் திறப்பதாக இருந்தார். அப்போது மழை, காயவைக்க வெயில் இருக்காது. ஈரத்தோடு அடுக்கினால் பூசணம் பிடித்துப் பருப்பே கெடும். பங்குனி அறுவடைக்குத் தள்ளிவைத்ததில் அனுமதிகள் வாங்கவும் நாள் கிடைத்தது.