தகவலறிக்கை (ப்ராஸ்பெக்டஸ்)

'முன்னே பார்த்தல்', 'எதிரே விரியும் காட்சி' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது ப்ராஸ்பெக்டஸ். கல்லூரிச் சேர்க்கைக்குத் தரும் கையேட்டுக்கும் இதே பெயர்தான். பங்கு வெளியீட்டைப் பொறுத்தவரை 'தகவலறிக்கை' என்பதே பொருத்தமான தமிழ். 'விளம்பர ஏடு' என்று சொன்னால் தவறு. சொன்னது பொய்யானால் நிறுவனம் சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய ஆவணம் இது.

ஒரு நிறுவனத்தின் பங்குகள் முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்கப்படும் ஐபிஓ நேரத்தில் நம் கைக்கு வருவது 'ரெட் ஹெர்ரிங்' தகவலறிக்கை. இறுதி விலை அதில் இருக்காது. விலை முடிவான பிறகே முழுத் தகவலறிக்கை பதிவாகும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் எதைப் பார்ப்பது? 2022 மே மாதம் வந்த எல்ஐசி வெளியீட்டை வைத்துப் பார்ப்போம்.

முதலில் 'வெளியீட்டின் நோக்கங்கள்' பகுதிக்குப் போங்கள். திரட்டும் பணம் எங்கே போகிறது என்பது அங்கேதான் இருக்கும். புதுப் பங்குகள் என்றால் பணம் நிறுவனத்துக்கு. கடன் அடைக்க எவ்வளவு, ஆலை கட்ட எவ்வளவு என்று கணக்கு காட்டியாக வேண்டும். 'பொதுவான நிறுவனத் தேவைகள்' என்ற தலைப்பில் 25 சதவீதத்துக்கு மேல் ஒதுக்க, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விடாது. அந்த எல்லையை ஒட்டியே ஒதுக்கியிருந்தால் உஷாராகிவிடுவது நல்லது. எல்ஐசியில் இந்தக் கணக்கே கிடையாது. விற்கப்பட்ட சுமார் 22.13 கோடிப் பங்குகளும் மத்திய அரசு வைத்திருந்தவை. பணம் முழுவதும் அரசுக்கே போனது, எல்ஐசிக்கு ஒரு பைசாகூட வரவில்லை.

அடுத்து 'இடர்க் காரணிகள்'. முக்கியமானது முதலில் வரும் வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. 'பொருளாதாரம் மந்தமானால் பாதிக்கும்' போன்றவை எல்லா அறிக்கையிலும் இருக்கும், தாண்டிவிடலாம். எண்களோடு வருபவற்றில் நில்லுங்கள்: ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் எத்தனை சதவீதம், நிலுவை வழக்குகளின் தொகை எவ்வளவு என்பது போல. அந்தத் தொகையை ஆண்டு லாபத்தோடு ஒப்பிட்டால் ஆபத்தின் அளவு பிடிபட்டுவிடும்.

கடைசியாக 'விலைப்பட்டை': பங்குக்கு எந்த விலை முதல் எந்த விலை வரை கேட்கலாம் என்ற வரம்பு. மேல் விலை, கீழ் விலையைவிடக் குறைந்தது 5 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்ஐசிக்கு 902 முதல் 949 ரூபாய், அதாவது 5 சதவீதத்துக்குச் சற்றே மேல். கேட்பு குவிந்தால் விலை மேல் நுனியில்தான் நிற்கும். 910 என்று கேட்டவருக்குப் பங்கு கிடைக்காது. அதனால்தான் சிறு முதலீட்டாளருக்கு 'கட்-ஆஃப்' வசதி: முடிவாகும் விலை எதுவோ அதற்குச் சம்மதம் என்று பொருள்.

எல்ஐசி விலை 949-இல் முடிவானது. சிறு முதலீட்டாளருக்கு 45 ரூபாய் தள்ளுபடி போக 904. குறைந்தபட்சம் வாங்க வேண்டிய தொகுப்பான ஒரு லாட் 15 பங்குகள், 13,560 ரூபாய். மே 17 அன்று மும்பைப் பங்குச் சந்தையில் வர்த்தகம் தொடங்கிய விலை 867.20. தள்ளுபடி கிடைத்தும் லாட்டுக்கு 552 ரூபாய் இறக்கம். விலைப்பட்டை என்பது விற்பவர் கேட்கும் விலை. சந்தை தரப்போகும் விலை அதில் எழுதியிருக்காது.